ஐந்து பேர் பட்டறையில் ஓர் ஆண்டு மதிப்பீடு

எங்கள் பட்டறையில் ஐந்து பேர். லேத்தில் இருவர்: 14 வருடமாக இருக்கும் மூத்தவர், 4 வருடமாக இருக்கும் இளையவர். மில்லிங் மெஷினில் ஒருவர், வெல்டர் ஒருவர். ராடு அறுப்பது, வெட்டிய விளிம்பில் நிற்கும் பர் எடுப்பது, சரக்கு கட்டி அனுப்புவது எல்லாம் பார்க்கும் ஹெல்பர் ஒருவர். ஆர்டர் பிடிப்பது, கணக்கு எழுதுவது, சம்பளம் போடுவது எல்லாம் நான்தான். ஆட்களைக் கவனிக்க என்று தனியாக ஒரு பிரிவோ, அதற்கென்று படித்த ஆளோ கிடையாது.

பல வருடமாகச் சம்பள உயர்வு என்பது எங்களிடம் பத்து நிமிட வேலை. ஆண்டுக் கடைசியில் கையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பேன், எல்லாருக்கும் ஒரே சதவீதம் போடுவேன். இப்படி ஒரு வருடம் எல்லாருக்கும் 8 சதவீதம் போட்டேன். இரண்டு மாதம் கழித்து அப்போதிருந்த மில்லிங் ஆபரேட்டர் விலகினார். ஏன் என்று கேட்டதற்கு, “பார்த்துப் பார்த்துச் செஞ்சாலும் ஏனோதானோன்னு செஞ்சாலும் ஒரே கணக்குதானே சார்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தால் அது நியாயம் என்று நான் நினைத்திருந்தேன். நல்ல வேலைக்காரருக்கு அது, தன்னை யாரும் பார்க்கவே இல்லை என்று சொல்வதாகப் பட்டிருக்கிறது.

அடுத்த வருடம் வேறு விதமாகச் செய்தேன். அந்த ஒரு வருடத்தில் என்ன செய்தேன், எங்கே சறுக்கினேன், எது இன்னும் சரியாகவில்லை என்பதுதான் இந்த ஆய்வு.

சனிக்கிழமை நோட்டு

முதலில் செய்தது, ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் உட்கார்ந்து, இந்த வேலையில் நன்றாகச் செய்வது என்றால் என்ன என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டது. லேத் வேலைக்கு ஐந்து வரி வந்தது. முதல் பீஸை முழுதாக அளந்து பார்த்த பிறகே அடுத்ததை ஓட்டுவது. டிராயிங் புரியாவிட்டால் ஓட்டுவதற்கு முன்னால் கேட்பது. மெஷினில் சத்தமோ ஆட்டமோ தெரிந்தால் அன்றைக்கே சொல்வது. தப்பான பீஸை ஒளிக்காமல் சிவப்பு டப்பாவில் போடுவது. வேலை முடிந்ததும் அடுத்தவர் எடுக்கும்படி கருவிகளை அதனதன் இடத்தில் வைப்பது. “அர்ப்பணிப்பு”, “ஈடுபாடு” போன்ற வார்த்தைகளை வேண்டுமென்றே தவிர்த்தேன். அவற்றை வைத்து ஒருவரை எப்படி வேண்டுமானாலும் எடை போட்டுவிடலாம்.

அப்புறம் ஒரு நோட்டு. ஆளுக்குச் சில பக்கம். சனிக்கிழமை மாலை மெஷின்கள் நின்றதும் பத்து நிமிடம் உட்கார்ந்து, அந்த வாரம் கண்ணில் பட்டதை எழுதுவேன். தேதி, என்ன நடந்தது, அதனால் என்ன ஆனது, அவ்வளவுதான். “கவனக்குறைவு” என்று எழுதக் கூடாது. “12 பீஸ் ஓடிய பிறகுதான் முதல் பீஸை அளந்தார், 12-ம் போயிற்று” என்று எழுத வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானப் பிரிவில் உளவியல் ஆய்வு செய்த ஜான் ஃபிளனகன் இந்த முறையை 1954-ல் விரிவாக எழுதினார். ஒருவரைப் பற்றி அபிப்பிராயம் கேட்காதே, அவர் உண்மையில் என்ன செய்தார், அதனால் வேலைக்கு என்ன ஆனது என்ற சம்பவங்களைச் சேர்த்து வை என்பதுதான் அதன் சாரம். ஐந்து பேர் பட்டறைக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. இதற்குப் படிவம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். வருடக் கடைசியில் நினைவை மட்டும் நம்பி உட்கார்ந்தால் கடைசி ஆறு வாரம் மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கும். முதல் மாதத்தில் ஒருவர் இரண்டு ராத்திரி தங்கி அவசர ஆர்டரை முடித்துக் கொடுத்தது மறந்துபோகும், போன வாரம் அவர் உடைத்த ட்ரில் மட்டும் கண் முன்னால் நிற்கும்.

மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டினேன். மொத்தம் 31 குறிப்பு. அதில் 22 லேத்காரர்கள் இருவரைப் பற்றியது. 17 குறிப்பு தவறுகள். மில்லிங் ஆபரேட்டர் பெயரில் ஒரே ஒரு வரி. என் மேசை லேத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் லேத்தில் நடப்பதெல்லாம் என் காதில் விழுகிறது. மில்லிங் மெஷின் பின்கட்டில். புதிதாக வந்த மில்லிங் ஆபரேட்டர் சத்தமில்லாமல் வேலை செய்பவர், பிரச்சினை வந்தால்தான் என்னிடம் வருவார், பிரச்சினை வரவும் இல்லை. நோட்டு எழுதுகிறேன் என்ற பெயரில், என் மேசையிலிருந்து தெரிந்ததை மட்டும் பதிவு செய்திருக்கிறேன்.

அதனால் ஒரு விதி சேர்த்தேன். எந்த மாதமாவது ஒருவருடைய பக்கம் காலியாக இருந்தால், அந்த மாதம் முடிவதற்குள் அவர் மெஷின் பக்கத்தில் கால் மணி நேரம் போய் நிற்க வேண்டும். அப்படி முதல் தடவை நின்றபோதே ஒன்று தெரிந்தது. அடிக்கடி வரும் ஒரு பிராக்கெட் வேலைக்கு, கழிவுத் தகட்டை வைத்து, பீஸைப் பிடித்துவைக்கும் ஒரு ஃபிக்ஸ்சரை அவரே செய்திருக்கிறார். ஒரு தடவைக்கு இரண்டு பீஸ் பிடிக்கிறது, 50 நிமிடம் ஆகும் செட்டிங் 20 நிமிடத்தில் முடிகிறது. நாலு மாதமாக அதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அந்த வேலையில் லாபம் கூடியதைக் கணக்கில் பார்த்த நான், விலை சரியாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு விதியும் உண்டு, அதுதான் கடைப்பிடிக்கச் சிரமமானது. தவறு என்று ஒன்றை எழுதினால் அதை அந்த வாரத்துக்குள் அவரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாத தவறை வருடக் கடைசியில் எடுக்கக் கூடாது. நான் இரண்டு தடவை சொல்லாமல் விட்டேன். இரண்டு குறிப்பையும் பின்னால் அடித்துவிட்டேன்.

ரிஜெக்ஷன் கணக்கு

இனி, இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படும் இடம். ஆண்டு முடிவில் இரண்டு லேத்காரர்களிடமும் வீணாகிப் போன பீஸ்களின் கணக்கை, அதாவது ரிஜெக்ஷனைக் கூட்டினேன். இளையவர் 6,000 பீஸ் ஓட்டி 60 போயிருக்கிறது. 1 சதவீதம். மூத்தவர் 1,500 பீஸ் ஓட்டி 48 போயிருக்கிறது. 3.2 சதவீதம். இளையவர் நாலு மடங்கு வேலை செய்திருக்கிறார், தவறின் சதவீதம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தாளைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. முந்தைய வருடங்களில் இதே கணக்கைத்தான் மனசுக்குள் போட்டிருப்பேன், வயசாகிறது, கை தளர்கிறது என்று முடிவும் கட்டியிருப்பேன்.

ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் எழுதும் ஜாப் கார்டுகள் கையில் இருந்தன. அவற்றை இரண்டு கட்டாகப் பிரித்தேன். அளவு ±0.1 மில்லிமீட்டர் வரை முன்னே பின்னே இருக்கலாம், ஏற்கெனவே பல தடவை ஓட்டியது என்ற வேலைகள் ஒரு கட்டு, இவை சுலபம். ±0.02 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும், அல்லது டிராயிங் புதிது என்ற வேலைகள் இன்னொரு கட்டு, இவை கடினம். பிரித்த பிறகு கணக்கு தலைகீழானது.

இளையவர் ஓட்டியதில் சுலபமானவை 5,700 பீஸ்; 39 போயிருக்கிறது, 0.7 சதவீதம். கடினமானவை 300 பீஸ். 21 போயிருக்கிறது, 7 சதவீதம். மூத்தவர் ஓட்டியதில் சுலபமானவை 300 பீஸ்தான். 1 போயிருக்கிறது, 0.3 சதவீதம். கடினமானவை 1,200, 47 போயிருக்கிறது, 3.9 சதவீதம். அதாவது சுலபத்திலும் மூத்தவர்தான் மேல், கடினத்திலும் மூத்தவர்தான் மேல். மொத்தமாகக் கூட்டும்போது மட்டும் இளையவர் மேலாகத் தெரிகிறார். காரணம், கஷ்டமான வேலை வந்தால் “அண்ணே, இதை நீங்களே பாருங்க” என்று மூத்தவர் கையில் கொடுப்பது நான். புள்ளியியலில் இதை சிம்ப்சன் முரண்பாடு என்கிறார்கள். நம்பிக் கடினமான வேலை கொடுத்ததற்காகவே ஒருவருடைய சம்பளத்தைக் குறைத்திருப்பேன்.

இதில் ஒரு எச்சரிக்கை. 300-ல் 1 என்ற கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் ஒரே ஒரு பீஸ் போயிருந்தால் அது 0.7 ஆகி இளையவருக்குச் சமமாகியிருக்கும். சின்னப் பட்டறையில் எண்கள் எப்போதும் சிறியவை, ஒரு கெட்ட நாள் போதும் ஒருவருடைய வருடக் கணக்கை மாற்ற. கடினமான வேலையில் இருக்கும் வித்தியாசத்தை மட்டும்தான் நம்பலாம் என்று தோன்றியது. அதையும் இன்னொரு முறை சலித்தேன்.

சலிப்பது என்றால், அவர் கையில் இல்லாத காரணங்களை எடுத்துவிடுவது. மூத்தவரின் 47-ல் 19 பீஸ் ஒரே லாட்டில் போனவை. 40 காஸ்டிங் வந்தது, கடைந்தால் உள்ளே காற்றுக்குழி. அந்த லாட்டை முழுதாகக் கணக்கிலிருந்து எடுத்தேன். போன 19-ஐ மட்டும் எடுத்துவிட்டு அதே லாட்டில் தேறிய 21-ஐ விட்டுவைத்தால் கணக்கு அவருக்குச் சாதகமாகச் சாயும், அதுவும் சரியல்ல. மிச்சம் 1,160 பீஸில் 28, அதாவது 2.4 சதவீதம். இளையவரின் பழைய லேத்தில் ஒரு வாரம் ஹெட்ஸ்டாக் பேரிங் ஆடியது, அவர் சொல்லி நான்தான் தாமதமாகப் பார்த்தேன். அந்த வாரம் ஓடியது 60 பீஸ், போனது 8. அதை எடுத்தால் 240-ல் 13, அதாவது 5.4 சதவீதம். வித்தியாசம் அப்படியே நிற்கிறது. இதற்குப் பிறகுதான் இது கையின் வித்தியாசம் என்று என்னால் சொல்ல முடிந்தது.

இந்தச் சலிப்பு சாத்தியமானது ஜாப் கார்டில் செய்த ஒரு சின்ன மாற்றத்தால். முன்பு “யார்” என்று ஒரு கட்டம் இருந்தது. அதை “எதனால்” என்று மாற்றினோம்: மெட்டீரியல், டிராயிங், மெஷின், செட்டிங், அளவு பார்க்காதது. “யார்” என்று கேட்கும் கார்டில் யாரும் உண்மை எழுத மாட்டார்கள். ரிஜெக்ஷனுக்கும் சம்பளத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், போன பீஸ் சிவப்பு டப்பாவுக்கு வராது, சுருள் கழிவோடு சேர்ந்து போய்விடும். அப்படிப் போகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு வேலைக்கு ஸ்டோரிலிருந்து கொடுத்த ராடில் எத்தனை பீஸ் வர வேண்டும் என்பது தெரியும். நல்ல பீஸ், சிவப்பு டப்பா பீஸ், மிஞ்சிய துண்டு மூன்றையும் கூட்டினால் அந்த எண் வர வேண்டும். வராவிட்டால் ஒளிகிறது என்று அர்த்தம். மாதத்துக்கு ஒரு வேலையை எடுத்து இப்படிச் சரிபார்த்தேன். ஒரு தடவை 3 பீஸ் குறைந்தது. யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. ரிஜெக்ஷன் எண்ணிக்கையை நேரடியாகச் சம்பளத்தோடு பெருக்கப் போவதில்லை, காரணம்தான் வேண்டும் என்று எல்லாரையும் வைத்துச் சொன்னேன். அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியது அதற்குப் பிறகு என் பொறுப்பு.

ஆளுக்கு ஆள் இல்லை, வரிக்கு வரி

நோட்டும் கணக்கும் கையில் இருக்க, மதிப்பீட்டை எழுத உட்கார்ந்தேன். 1 முதல் 5 வரை மதிப்பெண் போட விருப்பமில்லை. 3-க்கும் 4-க்கும் என்ன வித்தியாசம் என்று என்னாலேயே சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக மூன்று நிலை வைத்தேன். பக்கத்தில் ஒருவர் இருந்தால் செய்வார், தனியாக விட்டுவிடலாம், மற்றவருக்குச் சொல்லித் தருவார். எந்த நிலை எழுதினாலும் நோட்டிலிருந்து குறைந்தது இரண்டு தேதி காட்ட வேண்டும் என்று எனக்கே ஒரு நிபந்தனை.

முதல் சுற்றில் இளையவருடைய தாளை எடுத்து ஐந்து வரியையும் மளமளவென்று நிரப்பினேன். எல்லாம் “தனியாக விட்டுவிடலாம்”. நேரத்துக்கு வருவார், சிரித்த முகம், சொன்னால் மறுக்க மாட்டார். அந்த நல்ல எண்ணம் அளவு பார்க்கும் வரியிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. 1920-லேயே எட்வர்ட் தார்ன்டைக் இதை எழுதியிருக்கிறார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே உள்ளவர்களின் உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் போட்ட மதிப்பு, நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போனது. மொத்தத்தில் நல்ல ஆள் என்று தோன்றினால் எல்லாவற்றிலும் நல்ல மதிப்பு.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு முறையை மாற்றினேன். ஒருவரை எடுத்து எல்லா வரியையும் நிரப்பாமல், ஒரு வரியை எடுத்து அதற்குரிய எல்லாரையும் பார்ப்பது. “முதல் பீஸை அளப்பது” என்ற வரியில் லேத்காரர் இருவர், மில்லிங்காரர், மூவரையும் ஒன்றாகப் பார்த்தேன். அடுத்த வரியை மறுநாள் எடுத்தேன். இளையவருக்கு இரண்டு வரி மாறியது. டிராயிங் புரியாவிட்டால் கேட்பதில் அவர் மூத்தவரைவிடவும் நல்லவர் என்று தெரிந்தது. அளவு பார்ப்பதில், கடினமான வேலையை இன்னும் தனியாக விட முடியாது என்பதும் தெரிந்தது.

பேசிய இரண்டு நாள்

ஒரு வாரம் முன்னாலேயே ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி சொல்லிவைத்தேன். இந்த வருடம் எது நன்றாக வந்தது, எது உங்களைத் தடுத்தது, அடுத்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும். எழுதித் தரச் சொல்லவில்லை. எழுதச் சொன்னால் ஹெல்பருக்கும் வெல்டருக்கும் அது பரீட்சை மாதிரி ஆகிவிடும். மெஷின் சத்தம் இல்லாத ஸ்டோர் அறையில், ஆளுக்கு 40 நிமிடம். முதலில் அவர்கள் பேச வேண்டும், அப்புறம்தான் நான்.

மூத்தவர் உட்கார்ந்ததும், “தம்பி, ரிஜெக்ஷன் தாளைப் பார்த்தேன், என் பேர்தான் மேலே இருக்கு. நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியும்” என்றார். தூங்கியிருக்க மாட்டார் என்று முகத்தில் தெரிந்தது. பிரித்த கணக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் கேட்காத ஒன்றைச் சொன்னார். இளையவர் தினமும் நாலைந்து தடவை சந்தேகம் கேட்க வருகிறார், ஒவ்வொரு தடவையும் தன் மெஷின் நிற்கிறது, அந்த நேரம் எந்தக் கார்டிலும் வருவதில்லை. “சொல்லித் தரக் கஷ்டமில்லை. ஆனா கார்டுல பார்த்தா நான் சும்மா நின்ன மாதிரி இருக்கு.” அவர் பீஸ் குறைவாக ஓட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். நோட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்போது ஜாப் கார்டில் “சொல்லிக் கொடுத்த நேரம்” என்று ஒரு கட்டம் இருக்கிறது.

இளையவரோடு பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. நன்றாகச் செய்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் குறை சொல்ல வேண்டும். அதற்காக அந்த 13 பீஸின் கார்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். 13-ல் 9 பீஸ் ஒவ்வொரு லாட்டின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் போயிருந்தன. “முதல் பீஸை நீங்கள் ஒழுங்காக அளக்கிறீர்கள் தம்பி, அதில் ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் அளப்பதில்லை. இன்சர்ட் தேயத் தேய அளவு நகர்கிறது” என்றேன். அவருக்குச் சட்டென்று புரிந்தது. சுலபமான வேலையில் 0.1 வரை இடம் இருப்பதால், வெட்டும் முனையான இன்சர்ட் தேய்வது வெளியே தெரியவில்லை, அதே பழக்கத்தைக் கடினமான வேலைக்கும் கொண்டு வந்துவிட்டார். கடினமான வேலை என்றால் ஐந்து பீஸுக்கு ஒரு தடவை அளப்பது, கார்டில் குறிப்பது என்று அவரே முடிவு சொன்னார்.

அந்த ஒரு குறையோடு நிறுத்திக்கொண்டேன். என்னிடம் இன்னும் இரண்டு இருந்தன. ஹெர்பர்ட் மேயரும் இரண்டு ஆய்வாளர்களும் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நடத்திய ஆய்வு 1965-ல் வெளியானது. ஒரே பேச்சில் குறை அதிகமாக ஆக, ஆட்கள் தங்களைத் தற்காத்துக்கொள்வதிலேயே நின்றுவிட்டார்கள், அந்த விஷயங்களில் முன்னேற்றமும் குறைந்தது. திருத்துவதற்கான பேச்சையும் சம்பளப் பேச்சையும் ஒன்றாக வைக்காதே என்றும் அவர்கள் சொன்னார்கள். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். மிச்ச இரண்டு குறைகளை நடந்தபோதே சொல்லியிருந்தேன், திரும்ப எடுக்க வேண்டிய தேவை இல்லை.

பேச்சு முடியும் நேரத்தில் இளையவர் நோட்டில் ஒரு குறிப்பைக் காட்டி, “இது சரியில்லை சார்” என்றார். ஏழாம் மாதம் 6 பீஸ் அளவு தப்பியது பற்றிய குறிப்பு. மைக்ரோமீட்டர் பூஜ்யத்தில் நிற்கவில்லை என்று தான் முதல் நாளே சொன்னதாகச் சொன்னார். எனக்கு நினைவில்லை. மூத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆமாம், என் முன்னாடிதான் சொன்னான் என்றார். அந்தக் குறிப்பை இருவர் முன்னாலும் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். 13 என்பது 7 ஆகிறதா என்று உடனே பார்த்தோம். இல்லை, அந்த 6-ம் சுலபமான வேலையின் பீஸ்கள், கடினமான வேலையின் கணக்கு மாறவில்லை. மாறியிருந்தாலும் மாற்றியிருப்பேன். மதிப்பீடு என்பது பேச்சுக்கு முன்னால் மூடி வைத்த தாளாக இருந்தால், கூப்பிட்டுப் பேசுவதில் பொருளே இல்லை.

பணம்

இரண்டு வாரம் கழித்துச் சம்பளம். முதலில் மொத்தத் தொகையை முடிவு செய்தேன், யாருக்கு எவ்வளவு என்பதை அல்ல. ஐந்து பேரின் மாதச் சம்பளத்தையும் கூட்டி 100 என்று வைத்துக்கொண்டால் மூத்தவர் 28, மில்லிங்காரர் 21, வெல்டர் 19, இளையவர் 18, ஹெல்பர் 14. பட்டறை தாங்கக்கூடியது 8. அதில் 5 எல்லாருக்கும் அவரவர் சம்பளத்தில் 5 சதவீதமாகப் போய்விடும். விலைவாசி ஏறுவது எல்லாருக்கும் பொது, அதை மதிப்பீட்டோடு கலக்கக் கூடாது. மிச்சம் 3. அதைப் பத்துப் பங்காக்கினேன், ஒரு பங்கு 0.3.

மூத்தவருக்கு மூன்று பங்கு, மில்லிங்காரருக்கு மூன்று, இளையவருக்கு இரண்டு, வெல்டருக்கும் ஹெல்பருக்கும் ஒவ்வொன்று. பங்கைச் சதவீதமாக வைக்காமல் ஒரே அளவுத் தொகையாக வைத்ததற்குக் காரணம் உண்டு. சதவீதமாகக் கொடுத்தால் சம்பளம் குறைந்தவரின் நல்ல வேலைக்கு எப்போதும் குறைந்த காசுதான் வரும். தொகையாகக் கொடுத்ததால் மில்லிங்காரருக்கு மொத்தத்தில் 9.3 சதவீதம் உயர்ந்தது, மூத்தவருக்கு 8.2, இளையவருக்கு 8.3, ஹெல்பருக்கு 7.1, வெல்டருக்கு 6.6.

மூத்தவருக்குத் தொகை அதிகம் கிடைத்தும் சதவீதம் இளையவரைவிடக் கொஞ்சம் குறைவு. சதவீதத்தில் பார்த்தால் இது அவருக்குக் குறைவாகத் தெரியும் என்று எனக்கு முன்பே தெரியும், அதனால் இரண்டு எண்ணையும் நானே சொன்னேன். எப்படியும் மதியத்துக்குள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஐந்து பேர் உள்ள இடத்தில் சம்பளத்தை ரகசியமாக வைக்கலாம் என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு வித்தியாசத்தையும், சம்பந்தப்பட்ட இருவரையும் நிற்க வைத்துக்கொண்டு என்னால் விளக்க முடியுமா என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். நாலு பேர் விஷயத்தில் முடிந்தது.

வெல்டர் விஷயத்தில் முடியவில்லை. அவர் பட்டறையில் ஒரே வெல்டர், ஒப்பிட ஆள் இல்லை. அவர் வேலையில் எனக்கு அவ்வளவு அறிவும் இல்லை. மேலே பார்க்க அழகாக இருக்கும் வெல்டின் உள்ளே சரியாக உருகிப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. திரும்பி வந்த பீஸ் இரண்டு, அது தெரியும். திரும்பி வராத நூற்றுக்கணக்கானவை எவ்வளவு நன்றாக இருந்தன என்பது தெரியாது. ஒரு பங்கு என்று நான் போட்டது அந்த இரண்டு பீஸை வைத்துத்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை, சரி சார் என்று எழுந்து போனார். அவர் கேட்டிருந்தால் என்னிடம் சரியான பதில் இல்லை.

இந்த வருடம் அதற்காக ஒன்று செய்கிறோம். மாதம் ஒரு தடவை, அவர் போட்ட வெல்டில் அவர் தேர்ந்தெடுக்காமல் நான் எடுக்கும் ஒரு மாதிரித் துண்டை அறுத்து, முகத்தைத் தேய்த்து, ஆசிட் தடவி, உள்ளே எவ்வளவு ஆழம் உருகிப் பிடித்திருக்கிறது என்று இருவரும் சேர்ந்து பார்க்கிறோம். மூன்று துண்டு ஆகியிருக்கிறது. மூன்றிலும் வேர் வரை பிடித்திருக்கிறது. நோட்டில் அவர் பக்கத்தில் தேதியோடு எழுதியிருக்கிறேன், போன வருடம் அவருக்கு ஒரு பங்கு குறைவாகக் கொடுத்துவிட்டேனோ என்பதையும் அதே பக்கத்தில் எழுதி அவரிடம் காட்டினேன்.

இளையவரும் கடினமான வேலையில் இந்த மூன்று மாதத்தில் 110 பீஸ் ஓட்டியிருக்கிறார், 2 போயிருக்கிறது. 110 சின்ன எண். 300 ஆகும்போது திரும்பப் பார்க்கலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஐந்து பீஸுக்கு ஒரு முறை அளந்த குறிப்பு எல்லாக் கார்டிலும் இருக்கிறது.